கைக்கு என்ன நின்றது?

எங்கள் சமையலறை மேசையின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கறுப்புக் கறை இருக்கிறது. சாதம் பரிமாறும்போது அம்மா அதன்மேல்தான் குழம்புக் கிண்ணத்தை வைப்பாள். மறைப்பதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "இல்லடி, இடம் தெரியறதுக்கு. கிண்ணம் அங்கதானே உட்காரும்" என்றாள். எழுபத்தைந்து வயதில் அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

அது தேக்கு மேசை. தாத்தா சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்த புதுச்சேரிக்காரர்களை இங்கே இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். பென்ஷன் பணத்தில் அவர் முதலில் வாங்கியது இந்த மேசை. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறியபோது விற்றதாம். மாட்டுவண்டியில் முத்தியால்பேட்டைக்கு வந்த மேசை எங்கள் வாசலில் நுழையவில்லை. கால்களைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். ஒரு கால் இன்றைக்கும் ஆடும். அதன் அடியில் மடித்த அட்டை இருக்கும்.

அந்த மேசையில் சோப்பு காய்ச்சுவேன் என்று தாத்தா நினைத்திருக்க மாட்டார். ஆனால் சோப்பு என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் காட்டியது அவருடைய டிரங்குப் பெட்டிதான். பிரான்சிலிருந்து பெரியப்பா வரும்போதெல்லாம் பழுப்புப் பச்சையில் கனசதுரமாக ஒரு சோப்புக் கட்டி கொண்டுவருவார். அதைத் தாத்தா குளிக்க எடுத்ததில்லை, துணிகளுக்கு நடுவே வைத்துவிடுவார். அதன் முகத்தில் 72% என்று அச்சுக் குத்தியிருக்கும். பரீட்சையில் வாங்கிய மார்க்கு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பிரெஞ்சு படித்து, பிரெஞ்சு ட்யூஷன் எடுத்துப் பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு எண்ணெயின் சத்து, மீதி பெரும்பாலும் தண்ணீர் என்று சொல்வதற்கான முத்திரை அது. மார்சேய் நகரத்து சோப்பு. ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது என்று 1688-ல் பதினான்காம் லூயி ஆட்சியில் ஆணையே இருந்தது.

அந்த ஆணை காற்றில் போன கதையில் எங்கள் ஊரும் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்சேய்க்கு ஆலிவ் போதவில்லை. மலிவான எண்ணெய் தேடினார்கள். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் மணிலாக்கொட்டை, தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்து, வண்டி வண்டியாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்கு வந்து, மார்சேய்க்குக் கப்பலேறியது. அங்கே செக்கிலும் ஆலையிலும் ஆட்டிய எண்ணெய் சோப்புக் கொப்பரைக்குப் போனது. தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் நான் மோந்து பார்த்த சோப்பின் பாட்டனார்களில் யாரோ ஒருவர் திண்டிவனம் பக்கத்து மல்லாட்டைதான் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நம் கொட்டை போய் அவர்கள் சோப்பாகி, பெரியப்பா பையில் பரிசாகத் திரும்பி வந்தது. நடுவில் லாபம் யாருக்கு என்று கேட்க அப்போது எனக்கு வயசில்லை.

கேட்கத் தெரிந்தவள் அம்மா. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவள் பத்தி உருட்டினாள். மேசையில் அல்ல, அது தாத்தாவின் மேசை. திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் சாய்ந்த பலகை. இடது பக்கம் மூங்கில் குச்சிக் கட்டு, வலது பக்கம் கறுப்பு மாவு. கரித்தூளும் மரத்தூளும் ஜிகட் என்கிற பிசின்பட்டைத் தூளும் தண்ணீர்விட்டுப் பிசைந்தது. ஒரு சிட்டிகை மாவைக் குச்சியின்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பு. மாவு குச்சியின் முக்கால் பாகத்துக்கு ஏறி நின்றுவிடும். ஒருநாளைக்கு நாலாயிரம், கை நன்றாக ஓடினால் ஐயாயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பத்திக்கு வாசனையே கிடையாது. ஏஜென்ட் எடுத்துப்போய் வேறு இடத்தில் வாசனை எண்ணெயில் முக்குவார்கள். வீடு முழுக்கப் பத்தி கிடந்தும் வீட்டில் வந்தது கரி வாசம்தான்.

வாரக் கடைசியில் ஏஜென்ட் பணம் எண்ணிக் கொடுத்ததும் அம்மா அதை அப்படியே வாங்கி முடிந்துகொள்ள மாட்டாள். உடைந்ததற்குப் பிடித்தது, ஈரம் என்று கழித்தது, கரி போக வாங்கிய சோப்பு எல்லாம் விரல்விட்டுக் கழிப்பாள். கடைசியில் திண்ணைத் தூணைப் பார்த்துச் சொல்வாள்: "கைக்கு என்ன நின்னுது?" அது கேள்வியா பதிலா என்று அப்போது விளங்காது.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை. ட்யூஷன் பிள்ளைகள் வரவில்லை. யூட்யூப் பார்த்து நான் சோப்பில் இறங்கினேன். அப்போதுதான் மேசைக்குக் கறை வந்தது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்த எவர்சில்வர் ஜாடியை மேசையில் வைத்தேன். அதன் அடியில் ஒரு சொட்டு ஓடியிருந்தது. அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து துடைப்பதற்குள் ஜாடியின் அடிவிளிம்பு பிறையாகக் கறுத்துவிட்டது. தேக்கையே அப்படிச் செய்யும் தண்ணீர் தோலை என்ன செய்யும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அன்றிலிருந்து கட்டாயம். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது, காஸ்டிக் அதைத் தின்றுவிடும்.

அடுப்பில் வைக்காத சோப்பு இது. ஒரு கிலோ எண்ணெய்க்கு என் கணக்கு: தேங்காய் எண்ணெய் 400 கிராம், பாமாயில் 300, மல்லாட்டை எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. தேங்காய் எண்ணெய் நுரைக்கும் அழுக்கெடுக்கவும். அது மட்டும் என்றால் தோல் வறண்டு வெள்ளை பூக்கும். பாமாயில் கட்டி இறுக. விளக்கெண்ணெய் நுரையைத் தாங்க. மல்லாட்டை எண்ணெய் மிருதுவுக்கு என்று மற்றவர்களிடம் சொல்வேன், உண்மையில் தாத்தா பெட்டிக்காக. இந்த நான்குக்கும் சேர்த்து 148 கிராம் காஸ்டிக், 300 கிராம் தண்ணீர். எண்ணெயும் காஸ்டிக் கரைத்த தண்ணீரும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கலந்து மத்து போட வேண்டும். முதலில் மோர் மாதிரி இருக்கும். பிறகு பாயசம். கரண்டியைத் தூக்கி மேலாகச் சொட்டினால் அந்தக் கோடு அமுங்காமல் நிற்கிறதா, அதுதான் பதம். வாசனை எண்ணெய் 25 கிராம் விட்டு அச்சில் ஊற்றித் துணி போர்த்திவிட்டால், மறுநாள் கத்தி இறங்கும். நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, ஆறு வாரம் காற்றில் காய வேண்டும். எங்கள் கடற்கரை ஈரத்தில் சில நாள் காலையில் ஒவ்வொரு கட்டியும் வியர்த்து நிற்கும். அதில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போய்விடும்.

நறுக்கிச் சீவியது போக ஒரு தடவைக்கு 12 கட்டி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு 100 கிராம். என் நோட்டில் முதல் பக்கம் அப்போதைய விலையில் இப்படி இருக்கிறது: எண்ணெய்கள் 184 ரூபாய், காஸ்டிக் 15, எலுமிச்சைப்புல் எண்ணெய் 50, காகிதமும் அட்டைப்பெட்டியும் 96. மொத்தம் 345. கட்டி ஒன்றுக்கு 29 ரூபாய். விலை 120. ஆக ஒன்றுக்கு 91 ரூபாய் லாபம், பன்னிரண்டுக்கு 1,092. அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கோட்டில் உள்ள அழுத்தத்தைப் பார்த்தால் அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று தெரிகிறது.

அம்மாவிடம் காட்டினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "எத்தனை மணி நேரம்டி?" என்றாள்.

அந்தக் கட்டம் நோட்டில் இல்லை. சேர்த்துப் பார்த்தேன். நிறுத்து, கரைத்து, கலக்கி, ஊற்ற ஒன்றரை மணி. பாத்திரம் கழுவ ஒரு மணி, எண்ணெயும் காஸ்டிக்கும் பட்ட பாத்திரம் அவ்வளவு லேசில் போகாது. நறுக்க அரை மணி. ஆறு வாரம் கழித்துச் சுற்றிக் கட்ட ஒரு மணி. நான்கு மணி நேரம். அடுத்து, கடை. வெள்ளைக்காரத் தெருப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் நுழையும் ஒரு சின்னக் கடையில் வைத்திருந்தேன். 120-க்கு விற்றால் நாற்பது சதவீதம் கடைக்கு, எனக்கு 72. அதுவும் விற்ற பிறகு, மாதம் இரண்டு கழித்து. பன்னிரண்டில் ஒன்று மோந்து பார்க்கத் திறந்து வைக்கிறார்கள், ஒன்று மூலை உடைந்திருக்கும். விற்பது பத்து. 720 வந்தது, 345 போனது. மிச்சம் 375. மணிக்கு 94 ரூபாய்.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம். நாற்பது சதவீதமா என்று. சரி, நாமே விற்போம் என்று மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கடையோரத்தில் மாலை நாலிலிருந்து ஒன்பது வரை நின்றேன். பத்து கட்டி போனது, 1,200 ரூபாய். செலவு 345 போக 855. வேலை நான்கு மணி, நின்றது ஐந்து மணி. ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 95. கடையில் வைத்தாலும் 94, காலைக் கடுக்க வைத்தாலும் 95. அன்றோடு கடைக்காரர்மேல் இருந்த கோபம் இறங்கிவிட்டது. அந்த நாற்பது சதவீதம் நிற்பதற்கான கூலி. யார் நின்றாலும் அதுதான்.

ட்யூஷனில் எனக்கு மணிக்கு 250 கிடைக்கும். ஆறு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனாலும் விடவில்லை. கைக்கு ஒரு ருசி பட்டுவிட்டது. பதம் வரும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே செய்யலாம் என்று தோன்றும். மல்லிகை வாசனை எண்ணெய் விட்டபோது அது தெரியாமல் போன கதையும் உண்டு. பூ வாசனை எண்ணெய்கள் சில, கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும். கரண்டி சட்டியிலேயே நட்டுக்கொண்டு நின்றது, கொழுக்கட்டை மாவு மாதிரி அள்ளி அள்ளி அச்சில் அடைத்தேன். அதில் பன்னிரண்டும் வீட்டோடு.

2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கும். நான் ஆரம்பித்தபோது கிலோ 200 கொடுத்தது, 400-ஐத் தாண்டியது. எனக்குக் கட்டி ஒன்றுக்கு ஏழு ரூபாய் கூடுதல். உட்கார்ந்து யோசித்திருந்தால் பெட்டியை எளிதாக்கியே அந்த ஏழு ரூபாயைப் பிடித்திருக்கலாம், ஏனென்றால் காகிதத்துக்கும் பெட்டிக்கும் மட்டும் எட்டு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் தேங்காய் எண்ணெயை 400-லிருந்து 100 கிராமாகக் குறைத்து, அந்த 300 கிராமுக்கு மல்லாட்டை எண்ணெய் ஊற்றினேன். மொத்தம் அதே ஒரு கிலோதானே என்று காஸ்டிக்கை மாற்றவில்லை. அதே 148.

நான்கு நாள் கழித்து நறுக்கினால் கத்தி வழுக்கிப் போகாமல் சுண்ணாம்புக் கட்டி உடைவதுபோல் உதிர்ந்தது. ஓரமெல்லாம் வெள்ளைத் தூள். ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நுனிநாக்கில் வைத்தேன். பேட்டரியின் முனையை நக்கினதுபோல் சுள்ளென்றது. நல்ல சோப்பு நாக்கில் சோப்பு மாதிரிதான் இருக்கும், சுள்ளென்றால் காஸ்டிக் தின்னாமல் மிச்சம் கிடக்கிறது என்று அர்த்தம்.

காரணம் கணக்கில் இருந்தது. ஒவ்வொரு எண்ணெயும் தின்னும் காஸ்டிக் வேறு. நூறு கிராம் தேங்காய் எண்ணெய் 18.3 கிராம் தின்னும், மல்லாட்டை எண்ணெய் 13.6 கிராம்தான். முன்னூறு கிராமை மாற்றியதில் 14 கிராம் காஸ்டிக்குக் கூப்பிடுவார் இல்லை. வழக்கமாக நான் தேவையைவிட ஐந்து சதவீதம் குறைத்தே காஸ்டிக் போடுவேன், ஏறக்குறைய 8 கிராம். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்று தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று. அந்த 8 கிராம் தள்ளுபடி பதினாலில் பாதியை வாங்கிக்கொண்டது. மீதி ஆறு கிராமுக்கு மேல் சோப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு கட்டியையும் தேங்காய்த் துருவியில் துருவி, கொஞ்சம் தண்ணீரும் நூறு கிராம் எண்ணெயும் விட்டு இளஞ்சூட்டில் மூன்று மணி நேரம் கிண்டினேன். பிழைத்தது. ஆனால் முகம் மேடும் பள்ளமுமாக, விற்கிற முகமாக இல்லை. அந்த மூன்று மணி நேரத்தை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மல்லாட்டை எண்ணெய் இன்னொரு பாடமும் வைத்திருந்தது. அந்தக் கட்டிகளில் மூன்று மாதம் கழித்து ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தது. மோந்தால் பழைய முறுக்கு டப்பா வாசனை. சிக்கு பிடித்துவிட்டது. இறுகாத எண்ணெய் அதிகம், வெயில், ஈரக்காற்று, மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான். மார்சேய்க்காரர்கள் கொப்பரையில் நாள்கணக்கில் கொதிக்க வைத்து, உப்புப் போட்டுத் திரித்து, கழுவி எடுத்த மல்லாட்டை வேறு. நான் மேசையில் பச்சையாகக் கலந்த மல்லாட்டை வேறு. தாத்தா பெட்டியில் வருஷக்கணக்கில் அந்தச் சதுரம் கெடாமல் இருந்ததன் ரகசியம் தாத்தா பெட்டியில் இல்லை.

இதற்கு நடுவே மெழுகுவர்த்தி. எங்கள் பக்கத்தில் மெழுகுவர்த்திக்கு ஊர்ச் சந்தை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கல்லறைத் தோட்டங்கள் முழுக்க எரியும். வில்லியனூர் மாதா கோயிலில் எந்நாளும் எரியும். அதெல்லாம் இயந்திரத்தில் வார்த்த பாரஃபின் வத்தி, கட்டு கட்டாக. அந்த விலையில் கையால் செய்து யாரும் பிழைக்க முடியாது. நான் போட்டது கண்ணாடிக் குவளையில் சோயா மெழுகு, வாசனை போட்டது, விலை 450.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. மெழுகு 160 கிராம் 56 ரூபாய். வாசனை 23. திரி 4. மூடியோடு கண்ணாடிக் குவளை 60. பெட்டியும் ஒட்டுத்தாளும் 25. மொத்தம் 168. மெழுகைவிடக் குவளைக்கு அதிகம் கொடுக்கிறேன். நான் மெழுகுவர்த்தி விற்கவில்லை, உள்ளே கொஞ்சம் மெழுகு ஊற்றிக் கண்ணாடி விற்கிறேன். ஆனாலும் கடைக் கழிவு போக 270 வந்து, 102 ரூபாய் நிற்கிறது. ஐந்து மணி நேரத்தில் இருபது செய்து கட்டிவிடலாம். மணிக்கு 400-க்கு மேல். ட்யூஷனைத் தாண்டிய ஒரே பக்கம் இது.

அதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று, திரி. குவளையின் அகலத்துக்குத் திரி மெலிசாக இருந்தால் நடுவில் மட்டும் குழி தோண்டிக்கொண்டு இறங்கும், சுற்றிலும் மெழுகு சுவராக நின்றுவிடும். தடித்தால் நுனியில் காளான் பூத்துக் கரி கக்கும், கண்ணாடி கறுக்கும். ஒவ்வொரு குவளைக்கும் ஒவ்வொரு வாசனைக்கும் நான்கு மணி நேரம் எரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், நான்கு மணியில் உருகிய குளம் கண்ணாடியை நாலாபுறமும் தொட்டிருக்க வேண்டும். முதல் குவளைக்கு ஐந்து திரி எரித்தேன். இரண்டாவது, வெயில். சோயா மெழுகு ஐம்பது டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். மே மாதம் கூரியர் வண்டியில் போன ஆறு குவளை, கஞ்சி வடித்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்து போய்ச் சேர்ந்தது. ஆறுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம், அவ்வளவுதான் அதன் ஆயுசு. ஒரு பருவத்தில் அதிகபட்சம் நான் விற்றது 160.

பத்திக்கு வருகிறேன், அம்மாவுக்காக. மழைக்காலம் ஒன்றில் அவளே கேட்டாள், "பத்தி போடலையா?" என்று. குச்சி, ஜிகட், சந்தனத்தூள், சாம்பிராணி வாங்கி வந்தேன். கரி இல்லாத மசாலாப் பத்தி. இந்த முறை அவளைத் தாத்தாவின் மேசையில் உட்காரவைத்தேன். அவள் பலகையை மேசைமேல் சாய்த்து வைத்து ஒரு சிட்டிகை எடுத்தாள். நாற்பது வருஷம் கழித்தும் உள்ளங்கைக்கு மறக்கவில்லை. ஒரே இழுப்பு. என் பத்தி பாம்பு இரை விழுங்கியதுபோல் நடுவில் வீங்கியிருந்தது. நான் மணிக்கு இருநூறு உருட்டினேன். அவள் அறுநூறு போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நவம்பர் மழையில் நிழலில் காயப்போட்டதில் பாதிக்குமேல் பூசணம் பூத்தது. அது தெரியாமல் ஒன்றைக் கொளுத்தினால் ஈரச்சாக்கு எரிகிற வாசம்.

பிழைத்த பத்தியை என்ன விலைக்கு விற்பது? இந்த ஊரில் அதைத் தீர்மானிப்பது நான் இல்லை. ஆசிரமத்தின் ஆரோஷிகா பத்தி தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆரோவில்லில் மரோமா 1976-லிருந்து பத்தி செய்கிறது. புதுச்சேரி என்றாலே கைப்பத்தி, கையால் செய்த காகிதம் என்று வெளியூர்க்காரர் மனதில் படிந்திருப்பது அவர்களால்தான். அந்தப் பெயரின் நிழலில்தான் என் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்றன. ஆனால் பத்தியில் அந்த நிழலே கூரை, அதற்குமேல் விலை எழும்பாது. இருபது பத்தி 40 ரூபாய் வைத்தேன். கடை கழித்து 24. சரக்கு 8, பெட்டி 6. நிற்பது 10. உருட்டவும் கட்டவும் ஒன்பது நிமிஷம். மணிக்கு 67 ரூபாயைத் தாண்டவில்லை. அதுவும் பூசணத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பவும் அதான், இப்பவும் அதான். பத்தியில காசு வாசனை போடறவனுக்குத்தான், உருட்டறவளுக்கு இல்ல" என்றாள்.

சோப்பைப் பெரிதாகச் செய்தால் என்ன என்று யாரும் கேட்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோ எண்ணெய்க்கு 60 கட்டி. கலக்க அரை மணிதான் கூடும். கழுவ அதே ஒரு மணி. நறுக்கவும் கட்டவும் நாலரை. மொத்தம் ஏழரை மணி. கட்டிக்கு 43 நின்றால் மணிக்கு 340-க்கு மேல். ஆக, சோப்பில் லாபத்தைத் தீர்மானிப்பது தேங்காய் எண்ணெய் விலை இல்லை, சட்டியின் அளவு. 12 கட்டிக்கும் 60 கட்டிக்கும் சட்டி ஒரே தடவைதான் கழுவப்படுகிறது. ஆனால் வாரம் ஒரு சட்டி என்றால் ஆறு வாரத்தில் 360 கட்டி எங்காவது காய வேண்டும். அப்போதே மேசை முடிந்தது, சமையலறையும் முடிந்தது.

மேசையிலிருந்து இறங்கிப் போனவர்கள் உண்டு. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி.சித்தன் 1969-ல் வீட்டளவில் ஆரம்பித்ததுதான் மெடிமிக்ஸ். அவர் கையில் முதலில் மருந்து எண்ணெய் இருந்தது, அதைக் கேட்டு வந்த நோயாளிகள் இருந்தார்கள். சோப்பு அதற்குப் பிறகு. எனக்கு இருந்தது எலுமிச்சைப்புல் வாசனையும் ஒரு பிரெஞ்சுப் பெயரும்.

இறங்கிப் போக இன்னொரு படியும் இருந்தது, அதை நான் தாமதமாகவே தெரிந்துகொண்டேன். குளிக்கிற சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்தால் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், தகுதி படைத்த மேற்பார்வையாளர் எல்லாம் கேட்பார்கள். குழம்பு வைக்கிற மேசைக்கு அந்த உரிமம் கிடைக்காது. உரிமம் உள்ள ஆலையில் நம் பெயருக்குச் செய்து வாங்க வழி இருக்கிறது, ஆனால் அது அவர்கள் சட்டி. மெழுகுவர்த்திக்கும் பத்திக்கும் இந்த உரிமம் வேண்டாம்.

எல்லை இன்னொரு கதை. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம். பேச்சு ஒன்று, மீன்காரம்மா ஒருத்தி, கடல் ஒன்று. ஆனால் அது தமிழ்நாடு. மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால், பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு மட்டும்தான் விலக்கு. மற்றதற்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஊருக்குள்ளேயே விற்றாலும் தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வருஷம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். எனக்கு அந்த 20 லட்சம் கனவில்கூட வராது. ஆனால் கோட்டக்குப்பத்துக் கடை ஒன்று பத்து கட்டி சோப்பு கேட்டபோது, தெருமுனையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தாத்தா சைகோனுக்குப் போன தூரத்தைவிட அது அதிகமாகப் பட்டது.

அன்றோடு சோப்பு விற்பதை நிறுத்திவிட்டேன். இப்போது என் கணக்கு இதுதான். பத்தி கடையில் வாங்குவது. சோப்பு வருஷத்தில் நான்கைந்து தடவை, வீட்டுக்கும் உறவுக்கும், தேங்காய் எண்ணெய் 400 கிராம் குறையாமல். மெழுகுவர்த்தி அக்டோபரில் ஆரம்பித்துப் பொங்கலோடு முடித்துவிடுவது. திரி எரித்துப் பார்த்த நேரத்தையும் சாய்ந்து போன குவளைகளையும் கழித்தால் மணிக்கு 300 பக்கம் வருகிறது, 160 குவளைக்கு நாற்பது மணி நேரம். ஆக வருஷத்துக்கு பன்னிரண்டாயிரம் ரூபாய். மற்ற மாதங்களில் பிரெஞ்சு வினைச்சொல் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு லாபம்.

யாராவது மேசைத் தொழில் ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னால் நான் ஒன்றே ஒன்று சொல்வேன். நோட்டில் சரக்கு, பெட்டி, விலை என்று கட்டம் போடுவதற்கு முன்னால் முதல் கட்டம் நேரத்துக்குப் போடுங்கள், பாத்திரம் கழுவுவதையும் அதில் எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் வருவது பக்கத்துத் தெருவில் உங்களுக்குக் கிடைக்கும் கூலியைவிடக் குறைவு என்றால், அது தொழில் இல்லை, ஆசை. ஆசைக்கும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு லாபம் என்று பெயர் வைக்காதீர்கள்.

போன வாரம் போட்ட பன்னிரண்டு கட்டி மேசைக்கு அடியில் காய்கிறது. அம்மா கிண்ணத்தைக் கறையின்மேல் வைத்துவிட்டு, அதில் எத்தனை விற்கப் போகிறேன் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "அப்போ நேரத்தை எழுதாதே" என்றாள்.